பாஸ்டன் பார்சலுக்கு மெம்பிஸில் என்ன வேலை?

நியூயார்க்கிலிருந்து பாஸ்டன் வான்வழியில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். மாலை நியூயார்க்கில் கொடுத்த ஓர் உறையை மறுநாள் காலை பாஸ்டனில் சேர்க்க வேண்டும். நம்மில் யாரிடம் கேட்டாலும், வடகிழக்கே போகும் ஒரு வண்டியில் ஏற்றிவிடச் சொல்வோம். ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் ஆதி ஏற்பாடு வேறு. அந்த உறை முதலில் தென்மேற்கே 1,500 கிலோமீட்டருக்கு மேல் பறந்து டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகருக்குப் போகும். நள்ளிரவில் அங்கே இறங்கி, வேறொரு விமானத்தில் ஏறி, 1,800 கிலோமீட்டர் திரும்பிப் பறந்து பாஸ்டன் சேரும். முந்நூறில் முடிய வேண்டிய பயணம் மூவாயிரத்தைத் தாண்டுகிறது. இதில்தான் லாபம் என்று ஃபிரெட் ஸ்மித் சொன்னபோது பலர் நம்பவில்லை. நம்பாததில் தவறும் இல்லை. அந்த ஒரு உறையை மட்டும் பார்த்தால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

1973 ஏப்ரல் 17-ஆம் தேதி இரவு நடந்ததைப் பார்த்தால் கணக்கு புரியும். அன்றுதான் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் தன் சேவையை முறையாகத் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் முதல் ஃபுளோரிடாவின் மயாமி வரை 25 நகரங்கள். பிரான்சில் செய்யப்பட்ட ஃபால்கன் என்ற சிறிய ஜெட் விமானங்கள் 14. அன்றிரவு வந்து சேர்ந்த பார்சல்கள் மொத்தம் 186.

இருபத்தைந்து நகரங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற 24 நகரங்களுக்கு யாராவது பார்சல் அனுப்பலாம். 25-ஐ 24-ஆல் பெருக்கினால் 600 தடங்கள். ராச்செஸ்டரிலிருந்து மயாமிக்கு ஒன்று, மயாமியிலிருந்து ராச்செஸ்டருக்கு ஒன்று என்று போக, வர தனித்தனியாக எண்ணிய கணக்கு இது. வந்ததோ 186 பார்சல். தடத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. மூன்று தடத்துக்கு ஒன்று என்ற அளவு. நேரடி விமானம் விடுவதென்றால் பெரும்பாலான தடங்களில் விமானி மட்டும் பறந்துகொண்டிருப்பார்.

அதே 186 பார்சலை ஊர் வாரியாகக் கூட்டிப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. ஊருக்குச் சராசரி ஏழு. எந்த ஊருக்குப் போவதாக இருந்தாலும் சரி, அந்த ஏழையும் ஒரே விமானத்தில் போட்டு மெம்பிஸுக்கு அனுப்பிவிடலாம். வழியில் இன்னொரு ஊரிலும் இறங்கி ஏற்றிக்கொண்டால் 14 விமானங்களே 25 ஊர்களுக்குப் போதும். நடு இரவில் எல்லாம் ஓரிடத்தில் கூடும்போது மயாமிக்கு உரியவை ஒரு பக்கம், ராச்செஸ்டருக்கு உரியவை ஒரு பக்கம் என்று பிரித்து, வந்த விமானங்களிலேயே ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். இதைத்தான் ஹப் அண்ட் ஸ்போக் என்கிறார்கள். நடுவில் இருக்கும் மையம் ஹப். அதிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் போகும் ஒற்றைத் தடம் ஸ்போக்.

ஏழு பார்சலுக்கு ஒரு ஜெட் விமானமா என்று கேட்டால், நியாயமான கேள்வி. முதல் 26 மாதங்களில் அந்த நிறுவனம் தொலைத்தது சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர். ஹப் இருந்தால் மட்டும் பணம் கொட்டிவிடாது. நேரடி ஏற்பாட்டில் தொடங்கவே முடியாத ஒரு தொழிலை, நஷ்டத்திலாவது தொடங்க முடிகிறது. பார்சல் பெருகப் பெருக அதே விமானங்கள் நிரம்பும்.

ஏப்ரல் தொடக்கத்துக்கு முன், மார்ச்சில் ஒரு வெள்ளோட்டம் நடந்தது. அதில் 11 நகரங்கள் மட்டும். அன்றிரவு மெம்பிஸில் வந்து இறங்கிய பார்சல்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதைப் பார்த்துத் தொழிலைக் கைவிடாமல், ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். உள்ளே ஒரு கணக்கு இருந்தது. பதினோரு ஊர் என்றால் தடங்கள் 110. இருபத்தைந்து என்றால் 600. ஊர்கள் இரண்டேகால் மடங்கு கூடியதற்கு, வாடிக்கையாளருக்கு விற்கக்கூடிய தடங்கள் ஐந்து மடங்குக்கு மேல் கூடிவிட்டன. செலவு மட்டும் ஊர்களின் எண்ணிக்கைக்கு ஏற்றபடிதான் கூடும். புதிதாக ஓர் ஊர் சேர்ந்தால் மெம்பிஸுக்கு ஒரு தடம் கூடுதலாகப் போட்டால் போதும். அந்த ஒற்றைத் தடம் அவ்வூரை மற்ற எல்லா ஊர்களோடும் அன்றிரவே இணைத்துவிடும்.

நேரடி ஏற்பாட்டில் இப்படி நடக்காது. இருபத்தாறாவது ஊரைச் சேர்க்க, ஏற்கெனவே உள்ள 25 ஊர்களுக்கும் போக வரத் தனித்தனி வண்டி வேண்டும். அதனால்தான் நேரடிச் சேவை பெரும்பாலும் பெரிய ஊர்களுக்கு இடையில் நின்றுவிடுகிறது. ஹப் இருந்தால் சின்ன ஊருக்கும் பெரிய ஊருக்குக் கிடைக்கும் அதே மறுநாள் சேவை கிடைக்கிறது. ஸ்மித் தொடக்கத்தில் குறிவைத்ததும் அத்தகைய ஊர்களைத்தான். அந்தக் காலத்தில் அவசரச் சரக்கு பயணிகள் விமானத்தின் வயிற்றில் போனது. அவை பயணிகளுக்கு வசதியான பகல் நேரத்தில், பயணிகள் அதிகம் போகும் ஊர்களுக்கு இடையில் பறந்தன. பகலெல்லாம் ஓர் இயந்திர உதிரிபாகத்தைத் தேடி அலைந்து மாலையில் அனுப்புகிறவருக்கு அதனால் என்ன பயன்?

ஸ்மித்தின் முதல் எண்ணம் பார்சல்கூட இல்லை. அமெரிக்க மத்திய வங்கியின் கிளைகளுக்கு இடையே தினமும் மலைபோல் காசோலைகள் போய்வந்துகொண்டிருந்தன. அவற்றை இரவில் ஓரிடத்துக்குப் பறக்கவைத்து, பிரித்துத் திருப்பி அனுப்பினால் வங்கிகளுக்கு ஒரு நாள் வட்டி மிச்சம் என்பது அவர் கணக்கு. பெயரில் ‘ஃபெடரல்’ வந்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். மத்திய வங்கி ஒப்பவில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மையத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. 1971-இல் நிறுவனம் தொடங்கியது ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில். அங்கிருந்து 1973-இல் மெம்பிஸுக்கு மாறினார்கள். நாட்டின் நடுப்பகுதிக்கு ஓரளவு அருகில் இருப்பது, பனியாலோ மூடுபனியாலோ விமான நிலையம் மூடப்படுவது அரிதாக இருப்பது, இரவில் ஓடுபாதை காலியாகக் கிடப்பது, பழைய விமானக் கொட்டகைகளைச் சீரமைத்துத் தர விமான நிலைய நிர்வாகம் முன்வந்தது எல்லாம் சேர்ந்து மெம்பிஸைத் தேர்ந்தெடுக்க வைத்தன.

இடம் தப்பினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. ஃபெடெக்ஸுக்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் இதே ஏற்பாடு நடந்தது. 1949 ஜனவரி இறுதியில் தொடங்கிய இரவு வான் அஞ்சல் சேவையில் சென்னை, டெல்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் சந்தித்தன. தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் புறப்பட்ட ஊருக்கே திரும்பின. பயணிகளும் அதே நேரத்தில் விமானம் மாறிக்கொண்டார்கள்.

வரைபடத்தில் அளந்து பார்த்தால் நாக்பூரின் அருமை தெரியும். சென்னையிலிருந்து டெல்லிக்கு நேராகப் பறந்தால் சுமார் 1,750 கிலோமீட்டர். நாக்பூர் வழியாகப் போனாலும் அதே அளவுதான். அந்த ஊர் ஏறக்குறைய கோட்டின் மேலேயே இருக்கிறது. பம்பாய்–கல்கத்தா தடத்துக்கும் அப்படியே. நான்கு ஊர்களில் எதிரெதிராக இருக்கும் இந்த இரண்டு ஜோடிகளுக்கும் சுற்று என்பதே கிடையாது. பக்கத்து ஊர்களுக்குத்தான் சுற்று விழுகிறது. சென்னை–பம்பாய் நேரடித் தூரம் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும். நாக்பூரைத் தொட்டுப் போனால் 1,600-ஐ நெருங்கும். நான்கே ஊர்கள் இருக்கும்போது ஹப்பினால் கிடைக்கும் மிச்சம் பெரிதல்ல. நேரடியாக விட்டால் போக வர 12 பறத்தல். நாக்பூர் வழியாக விட்டால் நான்கு விமானங்கள் போய்த் திரும்ப எட்டு. ஆனாலும் ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரே விமானம். எந்த ஊருக்கான கடிதமானாலும் ஒரே பை நேரம். சாயங்காலம் வரை தபாலைப் பெற்றுக்கொண்டு மறுநாள் காலை பட்டுவாடாவுக்குக் கொடுக்க முடிந்தது.

மெம்பிஸுக்குத் திரும்புவோம். ஹப்பின் உண்மையான எஜமான் கடிகாரம். இன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் இரவு பதினொரு மணியை ஒட்டித் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் இறங்குகின்றன. நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கு. விமானத்தின் உடல் வளைவுக்கு ஏற்றபடி ஓரம் சரிந்த பெரிய கண்டெய்னர்களை உருட்டி இறக்குகிறார்கள். பார்சல்கள் நகரும் பட்டைகளில் கொட்டப்படுகின்றன. அங்கே ஒருவர் செய்யும் வேலை, பார்சலின் லேபிள் மேலே தெரியும்படி திருப்பி வைப்பது. பிறகு கேமரா பார்கோடைப் படிக்கிறது. பட்டையின் ஓரத்தில் உள்ள தள்ளுகருவி அதை உரிய சரிவில் தள்ளிவிடுகிறது. சரிவின் அடியில் அந்த ஊர் விமானத்துக்கான கண்டெய்னர் வாய் திறந்து நிற்கும். தொடக்க நாட்களில் இதையெல்லாம் மனிதர்கள் முகவரியைப் படித்துப் படித்துக் கையால் செய்தார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே மாலை ஆறு மணி என்றால் மெம்பிஸில் இரவு எட்டு. ஆறு மணிக்குக் கிளம்பி மூன்றரை மணி நேரம் பறந்தால் மெம்பிஸ் நேரப்படி பதினொன்றரைக்கு இறங்கும். பார்சலைப் பிரித்து ஏற்ற இரண்டு, மூன்று மணி நேரம். கிழக்குக் கடற்கரைக்கு அதிகாலை மூன்றுக்குப் புறப்படும் விமானம், வழியில் ஒரு மணி நேரத்தை நேர வித்தியாசத்தில் இழந்து, ஆறரை மணி வாக்கில் இறங்கும். மேற்கே இருப்பவர் கடை அடைக்கும் நேரத்துக்கும் கிழக்கே இருப்பவர் அலுவலகம் திறக்கும் நேரத்துக்கும் நடுவில் இடைவெளி அவ்வளவுதான். ஹப்பை இன்னும் கிழக்கே தள்ளி வைத்தால் மேற்கிலிருந்து வரும் விமானத்துக்கு நேரம் மேலும் இறுகும்.

இந்த இறுக்கத்தால் ஒரு தர்மசங்கடம் தினமும் எழுகிறது. ஓர் ஊர் விமானம் முக்கால் மணி நேரம் தாமதம். காத்திருப்பதா, விட்டுவிட்டுப் போவதா? காத்திருந்தால், தாமதமே இல்லாத எல்லா ஊர்ப் பார்சல்களும் தாமதமாகும். விட்டுவிட்டால் அந்த ஓர் ஊரிலிருந்து வந்தவை மட்டும் ஒரு நாள் தவறும். பெரும்பாலும் இரண்டாவதுதான் மலிவு. நேரடிச் சேவையில் இந்தக் கேள்வியே எழாது. தாமதமான வண்டி தன்னை மட்டும் தாமதப்படுத்திக்கொள்ளும்.

பார்சல் தவறான சரிவில் விழுந்தாலும் ஹப்பில் தண்டனை ஒரு நாள். கூரியர்காரர்கள் மிஸ்ரூட் என்று சொல்வது இதைத்தான். ஆன்லைனில் பார்சலின் பயணத்தைப் பார்ப்பவர்கள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கலாம். சம்பந்தமில்லாத ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததாகக் காட்டி, மறுநாள் மறுபடியும் அதே ஹப்பில் வந்து இறங்கினால் மிஸ்ரூட். ஹப்பிலேயே 24 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடந்தால், பெரும்பாலும் பிரிப்பு நேரத்துக்குப் பிந்தி வந்திருக்கும், அல்லது கிழிந்த லேபிளோடு ஓரமாக வைக்கப்பட்டிருக்கும். முகவரிக்கு நேர் எதிர்த்திசையில் உள்ள ஊருக்குப் போயிருந்தால் மட்டும் பதற வேண்டாம்; ஹப் அங்கே இருக்கலாம்.

பெரிய சேதம் ஹப்புக்கே ஏதாவது நேரும்போதுதான். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவைத் தாக்கிய குளிர்காலப் புயலில் மெம்பிஸும், யுபிஎஸ் நிறுவனத்தின் ஹப் இருக்கும் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரும் ஒரே வாரத்தில் பனியில் சிக்கின. கோவிட் தடுப்பூசிகள் இந்த இரண்டு நிறுவனங்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. புயல் எட்டாத ஊர்களிலும் தடுப்பூசி வருவது தாமதமானது. வெயில் அடிக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையே போக வேண்டிய பெட்டி, பனி பெய்யும் மூன்றாவது ஊரில் மாட்டிக்கொள்வது ஹப்போடு பிறந்த வியாதி. ஃபெடெக்ஸ் 1980-களிலேயே இண்டியானபொலிஸில் இரண்டாவது தேசிய ஹப்பையும், கிழக்கே நியூவர்க், மேற்கே ஓக்லாந்து என்று வட்டார ஹப்புகளையும் அமைத்திருந்தது. அவை காப்புக்காகவும், அருகருகே உள்ள ஊர்களின் வீண் சுற்றைக் குறைப்பதற்காகவும் வந்தவை. ஆனால் ஹப்புகள் கூடக் கூட, ஒவ்வொன்றிலும் சேரும் சரக்கு பிரிந்துபோகும். ஒரே இடத்தில் குவிப்பதால் வந்த ஆதாயம் கொஞ்சம் கரையத்தான் செய்யும்.

அப்படியானால் நேரடி வண்டி எப்போது வெல்லும்? வண்டி நிரம்பும்போது என்று பலரும் சொல்வார்கள். அது பாதி விடைதான். கணக்குக்காகத் தமிழ்நாட்டில் பத்து ஊர்களை எடுத்துக்கொண்டு, திருச்சிக்கு வெளியே ஒரு ஹப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லாரிக்கு 800 பார்சல் பிடிக்கும். ஒவ்வோர் ஊரிலிருந்தும் மற்ற ஒன்பது ஊர்களுக்கும் தினம் 80 பார்சல். நேரடியாக அனுப்பினால் 90 லாரிகள், ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்குதான் சரக்கு. ஹப் வழியாக அனுப்பினால் ஊருக்கு ஒரு லாரி, மொத்தம் பத்து. ஒவ்வொன்றிலும் 720 பார்சல். திருச்சிக்குப் போய் இறக்கிவிட்டு, தன் ஊருக்கான 720-ஐ ஏற்றிக்கொண்டு திரும்பும். இங்கே போட்டியே இல்லை.

இப்போது சென்னையிலிருந்து கோவைக்கு மட்டும் சரக்கு கூடுகிறது. 80 பார்சல் 150 ஆகிறது. மற்ற எட்டு ஊர்களுக்கான 640-ஐயும் சேர்த்தால் சென்னை லாரியில் 790. இன்னும் இடம் இருக்கிறது. கோவைக்குத் தனி லாரி விட்டால் வீண் செலவு. அதே 150, 400 ஆனால்? மொத்தம் 1,040. ஹப்புக்கு இரண்டாவது லாரி கட்டாயம் வேண்டும். அதில் 240 பார்சல்தான் இருக்கும். அந்த இரண்டாவது லாரியை திருச்சிக்கு அனுப்பாமல் சேலம் வழியாக நேரே கோவைக்கு விட்டு, அதில் கோவைக்கான 400-ஐயும் ஏற்றிவிடலாம். ஹப் லாரியில் 640 போகும். சென்னையில் லாரி அதே இரண்டுதான். நேரடி லாரி பாதிதான் நிரம்பியிருக்கிறது. இருந்தும் அதுவே லாபம். தூரம் கொஞ்சம் குறைகிறது. திருச்சியில் 400 பார்சலை இறக்கி, பிரித்து, மறுபடி ஏற்றும் கூலியும், உடைவதற்கும் தவறுவதற்கும் உள்ள வாய்ப்பும் போகின்றன. பாதி ராத்திரியில் யாருக்கும் காத்திருக்காமல் லாரி விடிகாலையில் கோவைக்குள் நுழையும். ஆக, நேரடி லாரி நிரம்புகிறதா என்பதைவிட ஹப் லாரி வழிகிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டுவிடும் பழக்கம் இந்தக் கணக்குக்கே அடங்காமல் வெளியே நிற்கிறது. அந்த பஸ் பயணிகளுக்காக எப்படியும் சென்னையிலிருந்து கோவைக்கு ஓடப்போகிறது. பார்சலுக்காகத் தனியாக எதுவும் ஓடவில்லை. ஹப் இல்லை, பிரிப்பு இல்லை, நடுவில் யாரும் தொடுவதில்லை. காலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அரியலூரிலிருந்து தென்காசிக்கு அனுப்ப வேண்டியவருக்கு நேரடி பஸ் வாய்ப்பது கடினம். அவருடைய பார்சலுக்கு ஹப்தான் கதி.

நடைமுறையில் பெரிய நிறுவனங்கள் ஒரு கட்சியில் நிற்பதில்லை. சரக்கு அடர்ந்த தடங்களை ஹப்பிலிருந்து பிடுங்கி நேரடியாக்கிவிட்டு, மெலிந்த தடங்களை ஹப்பில் விட்டுவைக்கின்றன. அளவோடு பிடுங்க வேண்டும். ஒவ்வொரு கொழுத்த தடமாக வெளியே எடுத்துக்கொண்டே போனால் ஹப் லாரிகள் பாதிகூட நிரம்பாது; அப்போது மிச்சமிருக்கும் சின்ன ஊர்களின் பார்சல் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு ஏறும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் போல் சரக்கு பொங்கும் நாட்களில் தற்காலிக நேரடி லாரிகளை ஓடவிட்டு, பண்டிகை முடிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதை, சென்னை கிடங்கில் அன்றைய ஹப் லாரியின் கதவைச் சாத்தும்போது உள்ளே எத்தனை பார்சல், தரையில் எத்தனை மிச்சம் என்ற எண்ணிக்கையை வைத்தே முடிவு செய்யலாம்.